ஆளைப் பார்த்துக் கேள்வி கேட்கும் தேர்வு

டியோலிங்கோ இங்கிலீஷ் டெஸ்ட் எழுதி முடித்த மாணவர்களிடம் எப்படி இருந்தது என்று கேட்டால், பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: ‘ரொம்ப கஷ்டம்.’ கான்வென்டில் படித்து ஆங்கிலத்தில் சரளமாகப் பேசுகிறவரும் அதையே சொல்வார், கல்லூரிக்கு வந்த பிறகு ஆங்கிலம் பழகியவரும் அதையே சொல்வார். இருவரும் சொல்வது உண்மை. இருவருக்கும் கஷ்டமாகவே இருக்கும்படிதான் அந்தத் தேர்வு அமைக்கப்பட்டிருக்கிறது. இந்த ஒரு விஷயம் புரியாமல் தேர்வுக்கு உட்காருகிறவர்கள், நன்றாக எழுதிக்கொண்டிருக்கும்போதே தோற்றுவிட்டதாக நினைத்து நடுவழியில் தளர்ந்துபோகிறார்கள்.

வெளிநாட்டில் மேற்படிப்புக்கு விண்ணப்பிக்கும் தமிழக மாணவர்களுக்கு இந்தத் தேர்வு இப்போது புதிதில்லை. மொழி கற்பிக்கும் செயலியால் பெயர்பெற்ற அமெரிக்க நிறுவனம் நடத்துவது. 2020இல் கொரோனாவால் தேர்வு மையங்கள் மூடப்பட்டபோது, வீட்டிலிருந்தே எழுதலாம் என்பதால் இதை ஏற்கும் பல்கலைக்கழகங்களின் எண்ணிக்கை வேகமாகக் கூடியது. மொத்தம் ஏறக்குறைய ஒரு மணி நேரம். மதிப்பெண் 10 முதல் 160 வரை, ஐந்து ஐந்தாக ஏறும். முடிவு பொதுவாக இரண்டு நாளில் வந்துவிடும்; இரண்டு ஆண்டுகளுக்குச் செல்லும். ஐஇஎல்டிஎஸ் தேர்வுக்குப் படித்த பழக்கத்தோடு இதற்குள் நுழைகிறவர்கள் தடுமாறுவது இரண்டு இடங்களில். ஒன்று, கேள்விகள் எல்லாருக்கும் ஒன்றாக இருப்பதில்லை. இன்னொன்று, கேள்விக்குக் கேள்வி கடிகாரம் ஓடுகிறது.

முதலில் கேள்விகள் மாறுவதைப் பார்ப்போம். கண் மருத்துவரிடம் பவர் பார்க்கும்போது ஒரு கண்ணாடியைப் போட்டு ‘தெரிகிறதா’ என்று கேட்பார்கள். தெரிந்தால் இன்னும் சின்ன எழுத்து, தெரியாவிட்டால் கொஞ்சம் பெரிய எழுத்து. எந்த வரியில் கண் தடுமாறுகிறது என்று கண்டுபிடிப்பதுதான் நோக்கம். இந்தத் தேர்வும் அதைத்தான் செய்கிறது. யோசனை பழையது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாரிஸில் ஆல்ஃப்ரெட் பினே குழந்தைகளின் அறிவுத்திறனைச் சோதித்தபோதே, பிள்ளை சொல்லும் பதிலைப் பொறுத்து மேலேயோ கீழேயோ போகும் முறையைக் கையாண்டார். பிறகு டென்மார்க்கின் ஜார்ஜ் ராஷ், அமெரிக்காவின் ஃபிரெடரிக் லார்ட் போன்றவர்கள் அதற்குக் கணிதம் அமைத்துக் கொடுத்தார்கள். அமெரிக்காவில் நர்ஸ் வேலைக்கு உரிமம் வாங்க எழுதும் என்கிளெக்ஸ் தேர்வு 1994 முதல் இப்படித்தான் நடக்கிறது. தென்னிந்திய நர்ஸ்கள் பலருக்கு அது நன்றாகவே தெரிந்த தேர்வு.

கணக்கின் சாரத்தை ஓர் ஏணியாக எழுதிப் பார்க்கலாம். இது விளங்குவதற்காகச் சுருக்கிய உதாரணம். உண்மையான கணக்கு இன்னும் நுணுக்கமானது. கேள்விகளின் கடினம் 0 முதல் 100 வரை என்று வைத்துக்கொள்வோம். ஒரு மாணவியைப் பற்றிக் கணினிக்கு எதுவும் தெரியாது. ஆகவே 50இல் ஒரு கேள்வி தருகிறது. சரி. அடுத்தது 65. அதுவும் சரி. அடுத்து 80, தவறு. இப்போது 72க்கு இறங்குகிறது, சரி. 77 தருகிறது, தவறு. 74, சரி. ஆறே கேள்வியில் இந்த மாணவியின் இடம் 75ஐ ஒட்டி இருக்கிறது என்று கணினி ஊகித்துவிட்டது. இனி வரும் கேள்விகள் பெரும்பாலும் அந்த இடத்தைச் சுற்றியே வரும். அந்த உயரத்தில் அவள் பாதியைச் சரியாகச் சொல்வாள், பாதியில் தவறுவாள். ஒருவரின் அளவைப் பற்றி அதிகம் தெரிவிப்பது அவர் சரியாகச் சொல்லவும் தவறவும் சம வாய்ப்புள்ள கேள்விதான். எப்போதும் சரியாகச் சொல்லிவிடும் எளிய கேள்வியோ, எப்போதும் தவறும் கடினமான கேள்வியோ கணினிக்குப் புதிதாக எதையும் சொல்வதில்லை.

கஷ்டமாகவே இருந்தது என்று எல்லாரும் சொல்வதற்குக் காரணம் இதுதான். நூற்றுக்குத் தொண்ணூறு சரியாக எழுதியே பழகிய பிள்ளைக்கு, ஒன்று விட்டு ஒன்று சந்தேகமாக இருப்பது தோல்வியாகத் தோன்றும். இந்தத் தேர்வில் அதுதான் சாதாரண நிலை.

இங்கேயே இன்னொரு பழக்கத்தையும் விட்டுவிட வேண்டும். ‘இந்தக் கேள்வி சுலபமாக வந்திருக்கிறதே, அப்படியானால் முந்தையதைத் தப்பாகப் போட்டுவிட்டேனோ’ என்று தேர்வுக்கு நடுவே ஆராய்ச்சி செய்கிறவர்கள் ஏராளம். எழுதுகிறவருக்கு எளிதாகத் தோன்றும் கேள்வி கணினியின் கணக்கில் எளிதாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. கடினம் என்பது முன்பு அதை எழுதியவர்கள் எவ்வளவு தடுமாறினார்கள் என்பது போன்ற தரவுகளிலிருந்தும், சொற்களின் அருமையிலிருந்தும் கணக்கிடப்படுவது. மதுரையில் மருந்துக்கடை வைத்திருப்பவரின் மகளுக்கு மருத்துவச் சொற்கள் தண்ணீர் பட்ட பாடு. கணினிக்கு அது தெரியாது. தவிர, கேள்வியின் வகை மாறும்போதும் கடினம் மாறுவதாகத் தோன்றும். திரையைப் பார்த்து மதிப்பெண் ஜோசியம் சொல்லும் ஒவ்வொரு நொடியும் அடுத்த கேள்வியின் நேரத்திலிருந்து போகிறது.

‘முதல் ஐந்து கேள்வியில்தான் எல்லாம் இருக்கிறது’ என்ற பேச்சும் பயிற்சி வகுப்புகளில் அடிக்கடி காதில் விழும். பாதி உண்மை. அதே மாணவி பதற்றத்தில் முதல் கேள்வியைத் தவறவிட்டால் 50இலிருந்து 35க்கு இறங்குவாள். பிறகு 35, 45, 55, 62, 68 என்று ஒவ்வொன்றையும் சரியாகச் சொல்லி ஏறி வருவாள், வந்துவிடவும் முடியும். ஆனால் தன் உண்மையான உயரத்தைக் காட்ட வேண்டிய கேள்விகளில் நான்கைந்து, ஏறி வருவதிலேயே தீர்ந்துவிடும். ஆகவே முதல் கேள்வியில் தவறினால் எல்லாம் போயிற்று என்பது பொய். கவனக்குறைவுக்கு விலை உண்டு என்பது மெய். சரியாகச் சொல்வார் என்று கணினி எதிர்பார்த்த கேள்வியில் தவறினால் மதிப்பீடு கூடுதலாக இறங்கும். தவறுவார் என்று எதிர்பார்த்ததில் தவறினால் கொஞ்சமே இறங்கும். தெரியாத சொல்லுக்காக வருந்துவதைவிட, தெரிந்த இடத்தில் சறுக்காமல் இருக்கப் பழகுவது லாபம். இந்தத் தேர்வுக்கான தயாரிப்பின் நடுப்புள்ளி இதுதான். திரும்பிப் போய்ப் பதிலைத் திருத்தும் வசதி கிடையாது என்பதால் அது இன்னும் முக்கியமாகிறது. ‘நெக்ஸ்ட்’ அழுத்தியது அழுத்தியதுதான்.

இனி கடிகாரம். திரையில் ஒரு சொல் வரும். அது உண்மையான ஆங்கிலச் சொல்லா, ஆங்கிலம் மாதிரி புனையப்பட்ட போலியா என்று சொல்ல வேண்டும். அதற்கு 5 நொடி. ஒரு வாக்கியத்தில் பாதி மறைந்த சொல்லை நிரப்ப 20 நொடி. ஒரு பத்தியில் சிதைந்த சொற்களை நிரப்ப 3 நிமிடம். காதில் கேட்ட வாக்கியத்தை அப்படியே டைப் செய்ய 1 நிமிடம். படத்தைப் பார்த்து எழுத 1 நிமிடம். ஒரு தலைப்பில் எழுத 5 நிமிடம். ஒரு கேள்வியில் மிச்சம் பிடித்த நேரத்தை இன்னொன்றுக்குக் கொண்டுபோக முடியாது. 3 நிமிடப் பத்தியை ஒன்றரை நிமிடத்தில் முடித்துவிட்டு அடுத்ததற்குத் தாவுகிறவருக்குக் கிடைப்பது ஒன்றுமில்லை; சரிபார்க்கக் கிடைத்த ஒன்றரை நிமிடத்தைத் தூக்கி எறிந்ததுதான் மிச்சம். போட்டித் தேர்வுகளுக்குப் படித்தவர்களிடம் இந்த அவசரம் அதிகம் தெரிகிறது. அங்கே முன்னால் முடித்தால் பின்னால் உதவும். இங்கே உதவாது.

சிதைந்த பத்தி என்ற அந்த வகையைச் சற்று அருகில் போய்ப் பார்க்கலாம். அதை ஒழுங்காகப் பழகினால் மற்றவையும் தானாகச் சீராகும். 1980களின் தொடக்கத்தில் ஜெர்மனியில் கிறிஸ்டீன் க்ளைன்-பிரேலி, உல்ரிச் ராட்ஸ் என்ற இருவர் உருவாக்கிய ‘சி-டெஸ்ட்’ முறை அது. பத்தியின் முதல் வாக்கியம் முழுதாக இருக்கும். அதற்குப் பிறகு ஒன்று விட்டு ஒரு சொல்லின் பின்பாதி வெட்டப்பட்டிருக்கும். எத்தனை எழுத்து காணோம் என்பதைக் கட்டங்கள் காட்டும். ஏரிப் பாசனத்தைப் பற்றி இப்படி ஒன்று வருகிறது என்று வைத்துக்கொள்வோம்:

```
The lake fills in October. When t__ rain st___, farmers
op__ the ga__ and l__ water r__ to t__ fields.
```

பழக்கம் இல்லாதவர் இடமிருந்து வலமாக ஒவ்வொரு கட்டமாக நிரப்பிக்கொண்டே போவார். இரண்டாவது இடத்தில் மழை என்றதும் `start` என்று கை போகும். எழுத்து எண்ணிக்கைகூட ஐந்துதான், பொருந்துகிறது! ஆனால் `rain` ஒருமை. `starts` என்றுதான் வர வேண்டும், அது ஆறு எழுத்து. கட்டங்களோ ஐந்து. ஆகவே `stops`. முதல் வாக்கியத்தைப் படித்தவருக்கு இது வேறு வழியிலும் தெரிந்திருக்கும்: ஏரி நிறைந்துவிட்டது, மழை நின்ற பிறகுதானே மடையைத் திறப்பார்கள்? அடுத்து `op__ the ga__` சிரமமில்லை; `open`, `gate`. சறுக்கும் இடம் கடைசியில் இருக்கிறது. `water r__` என்பதைப் பார்த்ததும் `ran` என்று எழுதியவர், முன்னால் இருக்கும் `l__` என்பது `let` என்பதைக் கவனிக்கவில்லை. `let` வந்தால் பின்னால் வினைச்சொல் மாறாமல் நிற்கும். `run` தான் சரி. போதாததற்கு, வாக்கியம் முழுவதும் நிகழ்காலத்தில் போகிறது.

ஏழு கட்டங்களில் அருஞ்சொல் என்று ஒன்றுகூட இல்லை. எல்லாமே ஆறாம் வகுப்புச் சொற்கள். தவறுவதெல்லாம் ஒருமை பன்மை, காலம், வினையின் வடிவம் ஆகியவற்றில்தான். அகராதியை உருப்போட்டு இதற்குத் தயாராக முடியாது. மூன்று நிமிடத்தை மூன்றாகப் பிரித்துப் பழகுவது பலன் தரும். முதல் அரை நிமிடம் எதையும் தொடாமல் கடைசி வரி வரை படிப்பது. எதைப் பற்றிய பத்தி, எந்தக் காலத்தில் எழுதப்பட்டது என்று தெரிந்துவிடும். அடுத்த ஒன்றரை நிமிடம் நிச்சயமானவற்றை நிரப்புவது, தடுக்கினால் தாண்டிப் போவது. கடைசி ஒரு நிமிடம் விட்டவற்றுக்குத் திரும்புவது. கூடவே நிரப்பியவற்றில் `s`, `ed`, `ing` வால்களைச் சரிபார்ப்பது.

வீட்டிலேயே இந்தப் பயிற்சியை உண்டாக்கிக்கொள்ளலாம். ஆங்கில நாளிதழில் ஒரு சின்னச் செய்தியை எடுத்து, அக்காவோ நண்பரோ ஒன்று விட்டு ஒரு சொல்லின் பின்பாதியை அழித்துத் தந்தால் போதும். கடிகாரம் வைத்து நிரப்பிவிட்டு அசல் செய்தியோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

கேட்டு எழுதும் கேள்விக்கும் நோய் அதேதான். ஒலியை மூன்று முறை வரை கேட்கலாம். தமிழ் பேசிப் பழகிய காதுக்கு எது நழுவும் என்பதை ஒரே வாக்கியத்தில் காட்டிவிடலாம்:

```
The manager asked the drivers to park behind the old buildings.
```

அவசரமாகக் கேட்டவர் எழுதுவது இப்படி இருக்கும்:

```
Manager ask the driver to park behind old building.
```

பொருள் சிதையவில்லை. ஆனால் ஐந்து இடம் தவறு: இரண்டு `the`, ஒரு `ed`, இரண்டு `s`. தமிழில் பெயர்ச்சொல்லுக்கு முன்னால் `the` மாதிரி ஒன்று நிற்பதில்லை. ஆகவே அது காதில் விழுந்தாலும் மனம் பதிவு செய்வதில்லை. `asked the` என்பதில் `ed` ஒலி அடுத்த சொல்லோடு ஒட்டிக் கரைந்துவிடும். அதைக் காது பிடிக்காது, இலக்கணம்தான் பிடிக்க வேண்டும். இந்தக் கேள்வியில் முழுதாகச் சரி அல்லது முழுதாகத் தவறு என்ற பேச்சு இல்லை. அசலுக்கு எவ்வளவு நெருக்கம் என்று பார்க்கப்படுகிறது. எனவே ஒரு சொல் பிடிபடவில்லை என்று ஸ்தம்பித்து நிற்கக் கூடாது. முதல் முறை கேட்டதும் பிடித்ததையெல்லாம் டைப் செய்துவிட வேண்டும். இரண்டாவது முறை விட்டுப்போன இடத்துக்கு மட்டும் காது கொடுக்க வேண்டும். மூன்றாவது முறை, எழுதியதைக் கண்ணால் தொடர்ந்துகொண்டே வால்களையும் `the`, `a` போன்ற சின்னச் சொற்களையும் பார்க்க வேண்டும்.

மாணவர்கள் பலர் கணக்கிலேயே எடுத்துக்கொள்ளாத ஒன்று கீபோர்டு. செல்போனில் இரண்டு கட்டைவிரலால் மின்னல் வேகத்தில் எழுதும் தலைமுறைக்கு, கணினியின் கீபோர்டில் நிமிடத்துக்கு 25 சொல் வருவதே சிரமமாக இருக்கிறது. படத்தைப் பார்த்து எழுதும் கேள்விக்கு ஒரு நிமிடம். பார்க்க 10 நொடி, சரிபார்க்க 10 நொடி போக, எழுதக் கிடைப்பது 40 நொடி. நிமிடத்துக்கு 25 சொல் என்ற வேகத்தில் 16 சொல் எழுதலாம். 40 சொல் வேகத்தில் 26 சொல். ஆங்கில அறிவு கடுகளவுகூட மாறாமல் பத்துச் சொல் கூடுதல். போதாக்குறைக்கு, எழுத்துப்பிழையைச் சிவப்புக் கோடு போட்டுக் காட்டும் வசதியும் சொல்லை முன்கூட்டியே நிரப்பித் தரும் வசதியும் தேர்வில் கூடாது. அவற்றை நம்பியே எழுதிவந்தவருக்கு `accommodation` என்று தனியாக எழுத வேண்டி வரும்போதுதான் எத்தனை `m` என்ற சந்தேகம் வருகிறது. பயிற்சி முழுவதையும் நோட்பேட் போன்ற வெறும் பக்கத்தில், எந்தத் திருத்த உதவியும் இல்லாமல் செய்வதே நல்லது.

வேகம் இல்லாதவர் குறைந்த சொல்லிலும் தரத்தைக் காட்ட முடியும். சாலையோரம் பூக்கட்டும் பாட்டியின் படம் வருகிறது. ஒருவர் எழுதுகிறார்:

```
There is a woman. She is sitting. There are flowers. It is a street.
```

இன்னொருவர்:

```
An elderly woman is stringing jasmine beside a busy road
while two customers wait.
```

இரண்டும் பதினான்கு சொல். முதலாவதில் இலக்கணப் பிழை எதுவும் இல்லை. ஆனால் எழுதியவரின் ஆங்கிலம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்குச் சான்றும் இல்லை. இரண்டாவதில் யார், என்ன செய்கிறார், எங்கே, கூடவே வேறென்ன நடக்கிறது என்ற நான்கும் ஒரே வாக்கியத்தில் அமைந்துவிட்டன. இந்த அமைப்பில் பத்திரிகைப் படங்களை வைத்துத் தினம் சில வாக்கியம் எழுதிப் பார்த்தால், யோசிக்கும் நொடிகள் மெல்ல மெல்லக் குறைவதைக் காணலாம்.

பேசும் பகுதியைப் பற்றிக் கொஞ்சம். தலைப்பைப் படித்துத் தயாராக 20 நொடி, பிறகு 30 முதல் 90 நொடி வரை பேச வேண்டும் என்பது அங்கே பழகிய அளவு. அந்த 20 நொடியில் முழு வாக்கியங்களை மனத்தில் கட்டப் பார்ப்பவர் பாதியில் மாட்டிக்கொள்வார். தலைப்புக்குப் பொருந்தும் ஒரே ஒரு நிகழ்ச்சியைத் தேர்ந்துகொள்ளத்தான் அந்த நேரம் போதும்: எந்த நாள், யார் இருந்தார்கள், என்ன நடந்தது. நடந்ததைச் சொல்கிறவருக்கு வார்த்தை வறட்சி வருவதில்லை. யூடியூபில் கிடைக்கும் மனப்பாடப் பத்திகளை எந்தத் தலைப்புக்கும் ஒட்டவைப்பது மட்டும் வேண்டாம். தலைப்போடு ஒட்டாத பேச்சுக்கு மதிப்பெண் குறையும். உருப்போட்டது குரலிலேயே தெரிந்துவிடும்.

இவற்றையெல்லாம் ஒரு கால அட்டவணையில் எப்படிப் பொருத்துவது? பி.காம். முடித்த ஒரு மாணவிக்கு 120 தேவை, கையில் ஆறு வாரம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். தேர்வு நிறுவனத்தின் தளத்திலேயே இலவச மாதிரித் தேர்வு இருக்கிறது. அதுவும் உண்மைத் தேர்வைப் போலவே ஏறி இறங்கும், உத்தேச மதிப்பெண்ணும் சொல்லும். அவளுக்கு 105 காட்டுகிறது. அன்றே வார்த்தைப் பட்டியல் வாங்கி உட்காருவதற்கு முன்னால், ஒரு வாரம் வகைக்குக் கொஞ்சமாகப் பயிற்சி செய்து ஒவ்வொரு தவறையும் நோட்டில் மூன்று பத்தியாகப் பிரிக்க வேண்டும்: தெரியவே தெரியாதது, தெரிந்தும் நேரம் போதாதது, தெரிந்தும் சறுக்கியது. நாற்பது தவறுகளில் எட்டு முதல் வகை, பன்னிரண்டு இரண்டாவது, மீதி இருபதும் மூன்றாவது என்று வந்தால், பிரச்சினை எங்கே என்பதை நோட்டே சொல்லிவிடுகிறது. அவளுக்கு வேண்டியது புதுச் சொற்களைவிட, வால்களைச் சரிபார்க்கும் கண்ணும் கீபோர்டில் பழகிய விரலும். இரண்டாவது வாரத்திலிருந்து நான்காவது வாரம் வரை தினம் இருபது நிமிடம் டைப்பிங், இரண்டு சிதைந்த பத்தி, பத்து வாக்கியம் கேட்டு எழுதுதல், இரண்டு படம், ஒரு பேச்சு. பேச்சைப் பதிவு செய்து அன்றே கேட்டுவிட வேண்டும். எல்லாம் கடிகாரத்தோடு.

ஐந்தாவது வாரத்தில் நேரத்தைத் தேர்வில் இருப்பதைவிடச் சற்றுக் குறைத்துப் பழகலாம். மூன்று நிமிடப் பத்திக்கு இரண்டரை நிமிடம். ஆறாவது வாரத்தில் பழைய நேரத்துக்கே திரும்பிவிட வேண்டும், மிச்சமாகும் நொடிகளைச் சரிபார்ப்பதற்குப் பயன்படுத்தப் பழகுவதற்காக. மாதிரித் தேர்வைத் தினம் எழுதுவதில் அர்த்தமில்லை. எந்தத் தேர்வின் மதிப்பெண்ணிலும் கொஞ்சம் அளவீட்டுத் தள்ளாட்டம் இருக்கும். நேற்று 110, இன்று 105 என்றால் ஒரே இரவில் ஆங்கிலம் குறைந்துவிடவில்லை. வாரம் ஒன்று எழுதி, எண்ணைவிட நோட்டின் மூன்றாவது பத்தி சுருங்குகிறதா என்று பார்ப்பதே நம்பகமான அளவுகோல். நான்கு வாரம் கழித்தும் முதல் பத்திதான் பெரிதாக இருக்கிறது என்றால் தேர்வு நாளைத் தள்ளிவைக்க வேண்டும். ஆறு வாரத்தில் அடைக்க முடியாத இடைவெளி அது. அதை மாணவரிடம் வெளிப்படையாகச் சொல்லும் பயிற்சி மையங்கள் இன்னும் கூட வேண்டும்.

நன்றாக எழுதியும் முடிவு வராமல் போகிறவர்கள் உண்டு. அதற்குக் காரணம் ஆங்கிலமாக இருக்காது, அறையாக இருக்கும். தேர்வு முழுவதும் கேமராவும் மைக்கும் பதிவு செய்துகொண்டிருக்கும். அந்தப் பதிவு பிறகு பரிசீலிக்கப்படும். தனி அறையில், வெளிச்சத்தில், காது தெரியும்படி உட்கார வேண்டும். ஹெட்போன் கூடாது. குறிப்பெடுக்கக் கூடாது. வேறு யாரும் உள்ளே வரக் கூடாது, அம்மா காப்பி கொண்டுவந்தாலும் சேர்த்தி. பார்வை அடிக்கடி திரையை விட்டு விலகினால் சந்தேகத்துக்கு இடமாகும். யோசிக்கும்போது கூரையைப் பார்க்கும் பழக்கம் உள்ளவர்கள் பயிற்சியின்போதே அதை மாற்றிக்கொள்ள வேண்டும். கூட்டுக் குடும்ப வீட்டில் இதற்கெல்லாம் முன்னேற்பாடு தேவை. மின்வெட்டு நேரம் விசாரித்து, மாடியில் மோட்டார் சத்தம் எப்போது வரும் என்று பார்த்து, அதே நாற்காலியில் அதே நேரத்தில் ஒருமுறை மாதிரித் தேர்வு எழுதிப் பார்த்தால் பாதிச் சிக்கல் அப்போதே தெரிந்துவிடும்.

பணம் கட்டுவதற்கு முன் இரண்டு விஷயத்தை உறுதி செய்துகொள்ளுங்கள். இந்தத் தேர்வின் கேள்வி வகைகளும் நேர அளவுகளும் அவ்வப்போது மாற்றப்படுகின்றன. இரண்டு ஆண்டுக்கு முந்தைய பயிற்சி வீடியோவை நம்பாமல், தேர்வு நிறுவனத்தின் தளத்தில் இன்று இருக்கும் மாதிரித் தேர்வை ஒருமுறை எழுதிப் பாருங்கள். அடுத்தது, பல்கலைக்கழகச் சேர்க்கை வேறு, விசா வேறு. சேர்க்கைக்கு இந்த மதிப்பெண்ணை ஏற்கும் நாட்டிலேயே விசாவுக்கு வேறு தேர்வு கேட்கப்படலாம். சேர விரும்பும் துறையின் பக்கத்தில் எத்தனை மதிப்பெண் வேண்டும் என்பதையும், அந்த நாட்டின் விசா விதிகளில் எந்தத் தேர்வுகள் பட்டியலில் இருக்கின்றன என்பதையும் தனித்தனியாகப் பார்த்த பிறகே தேதி குறியுங்கள்.